ஜன்னல் பிளைண்ட்ஸ்: தூசி முதலில், தண்ணீர் கடைசியில்

வணக்கம் நேயர்களே. சென்னையில் ஜன்னலைத் திறந்தால் காற்றோடு தூசியும் வரும், கடற்கரைப் பக்கம் என்றால் உப்பும் சேர்ந்து வரும். அதைத் தாங்கி நிற்பவை ஜன்னல் பிளைண்ட்ஸ். இந்த வேலையில் பல வருடமாக நான் சொல்லிவருவது ஒன்றுதான்: முதலில் தூசியை உலர்வாக எடுங்கள். தூசி மேல் தண்ணீர் பட்டால் அது சேறாகிவிடும்.

அலுமினியப் பட்டைகள் உள்ள வெனிஷியன் பிளைண்ட்ஸை முழுவதும் இறக்கி, குச்சியைத் திருகி மூடுங்கள். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். பிறகு எதிர்ப்பக்கமாகத் திருகி இன்னொரு முறை. ஒட்டிய அழுக்கு இருந்தால் குச்சியைத் திருகிப் பட்டைகளைத் திறந்துகொண்டு, பழைய காட்டன் சாக்ஸைக் கையில் மாட்டி, பட்டையை மேலும் கீழுமாக இரண்டு விரலால் பிடித்து நீளவாக்கில் இழுங்கள். மறு கை பட்டையின் நுனியைப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை கயிற்றிலிருந்து நகர்ந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் கயிறுகளுக்கு நடுவே பட்டை மடங்கும். மடங்கிய கோடு நிமிர்த்தினாலும் தெரியும்.

சரி, துணி ரோலர் பிளைண்டுக்கு வருவோம். திருவான்மியூரில் ஒரு வீடு. ஐப்பசி மழைச் சாரல் பட்டு, துணியின் கீழ்ப்பக்கம் பழுப்பு வளையம் விழுந்திருந்தது. அந்த அம்மா அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தார். வளையம் பெரிதானது. மறுபடி துடைத்தார், இன்னும் பெரிதானது. ஏன் தெரியுமா? ஈரம் பரவும்போது துணியில் இருக்கும் தூசியையும் போர்வெல் தண்ணீரின் உப்பையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. அங்கேயே காய்கிறது. கறை என்று நாம் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான்.

அதனால் என்ன செய்தோம்? இரண்டு பக்கமும் வேக்குவம் பிரஷால் தூசி எடுத்தோம். கீழ்த் தையல் பக்கம் மறைவான மூலையில் சாயம் போகிறதா என்று சோதித்தோம். அப்புறம் ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த வெள்ளைத் துணியால், ஒரு இடம் விடாமல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெல்ல ஒற்றினோம். தேய்க்கவில்லை. ஈரம் எங்கும் ஒரே அளவாக இருந்தால் வளையம் விழ இடமில்லை. பிறகு ஃபேன் போட்டு, பிளைண்டை இறக்கியபடியே இரவு முழுவதும் விட்டோம். வளையம் மங்கிவிட்டது, உற்றுப் பார்த்தால் மட்டும் லேசாகத் தெரிந்தது. ஒன்று சொல்கிறேன், ஈரத்தோடு சுருட்டாதீர்கள், பூஞ்சை பிடிக்கும்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். மரப்பட்டை பிளைண்ட்ஸ் பற்றி ஒரே வரி: அதற்கு உலர்ந்த துணி மட்டும் போதும், தண்ணீர் வேண்டாம். வணக்கம்.