சோடா உப்புல கை வைக்கிறதுக்கு முன்னாடி: செரிமானக் கோளாறுக்கு எது சாது, எது சாது இல்ல

வணக்கம். இன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல வயிறு கல்லு மாதிரி கனக்குது, நெஞ்சு கரிக்குது, புளிச்ச ஏப்பம் வருது. உடனே இஞ்சியா, மோரா, சீரகத் தண்ணியானு யோசிப்போம். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. கஷ்டம் வயித்துக்குள்ளயே நிக்குதா, இல்ல மேல ஏறி வருதா? "அஜீரணம்"னு ரெண்டையும் ஒரே பேர்ல சொல்றோம், ஆனா ஒண்ணுக்கு நல்லது பண்றது இன்னொண்ணைக் கிளப்பி விட்டுடும்.

கனம், உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைஞ்ச மாதிரி இருக்கிறது, இதெல்லாம் சாப்பாடு வயித்தை விட்டு மெதுவா இறங்குறதால வரலாம். இங்கதான் இஞ்சிக்கு வேலை. சுக்குப் பொடி 1.2 கிராம், அதாவது அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட, கொடுத்துப் பார்த்த சின்னச் சின்ன ஆய்வுகள்ல இரைப்பை சீக்கிரமா காலியாச்சு. ஆனா ஒரு விஷயத்தை மறைக்காம சொல்லணும். நாள்பட்ட அஜீரணம் இருக்கிறவங்ககிட்ட பண்ணினப்போ, வயிறு வேகமா காலியானாலும் அவங்க உணர்ற சங்கடம் பெருசா குறையல. அதனால இஞ்சியை மந்திரம் மாதிரி நினைக்காதீங்க. குமட்டலுக்குத்தான் அது இன்னும் நம்பிக்கையா வேலை செய்யும்.

எப்படி எடுக்கலாம்? ஒரு சின்னத் துண்டு இஞ்சியைத் தட்டி, ஒரு டம்ளர் தண்ணியில அஞ்சு பத்து நிமிஷம் கொதிக்க விட்டு வடிகட்டி, சாப்பாட்டுக்கு அப்புறம் சூடு ஆறினதும் குடிங்க. வெறும் வயித்துல பச்சைச் சாறா ஊத்திக்கிட்டா எரிச்சல் வரலாம். நெஞ்சு கரிப்பு உங்க பிரச்சனைனா இஞ்சி அதைக் கூட்டலாம், நிறுத்திடுங்க. வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க, சமையல்ல போடுற இஞ்சியைப் பத்திக் கவலைப்பட வேண்டாம். தினமும் மருந்து மாதிரி சாறோ கேப்சூலோ எடுக்கணும்னாதான் டாக்டரைக் கேட்டுட்டு எடுங்க.

மோர். ஒரு பங்கு தயிருக்கு மூணு பங்கு தண்ணி ஊத்திக் கடைஞ்சு, வெண்ணெயை எடுத்த மோர் நல்லது. கொழுப்பு இருந்தா வயிறு காலியாகிறது தாமதமாகும், மோர்ல அது கம்மி. தயிராகிறப்பவே பாலோட சர்க்கரை கொஞ்சம் குறைஞ்சிருக்கும், தண்ணி ஊத்தினதும் இன்னும் நீர்த்துப் போகுது. அப்படியும் பால் ஒத்துக்காதவங்களுக்கு மோர் குடிச்ச கொஞ்ச நேரத்துல உப்புசமும் கடமுடா சத்தமும் வந்தா, அது மருந்து இல்ல, காரணமே அதுதான். "மோர் புளிப்பாச்சே, அசிடிட்டி கூடாதா?"னு கேப்பாங்க. மோரை விட இரைப்பை அமிலம் பல மடங்கு வீரியமானது, அதனால இரைப்பைக்கு அது ஒண்ணும் செய்யாது. ஆனா உணவுக்குழாய் ஏற்கனவே புண்பட்டிருந்தா போற வழியில எரியும்.

மோர்ல நான் பயப்படுறது உப்புக்குத்தான். கால் டீஸ்பூன் உப்புல கிட்டத்தட்ட 600 மில்லிகிராம் சோடியம் இருக்கு. ஒரு நாளைக்கே 2,000 மில்லிகிராமுக்குக் கீழ இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிபி, சிறுநீரகம், இதயக் கோளாறு இருக்கிறவங்க உப்பில்லாம குடிங்க.

சீரகத் தண்ணியைப் பத்தி அதிகம் பேச எதுவும் இல்ல. ஒரு டீஸ்பூன் சீரகத்தைக் கொதிக்க வெச்ச தண்ணி சாதுவானது, சூடா இருக்கிறதே ஒரு இதம். ஆனா அதைக் குடிச்சா கொழுப்பு கரையும், குடல் சுத்தமாகும்னு சொல்றதையெல்லாம் நான் வாங்கிக்கிறதில்ல. ஒரே எச்சரிக்கை, சீரக எண்ணெயை அதே மாதிரி நினைச்சு சொட்டு விட்டுக் குடிக்காதீங்க. அது பல மடங்கு செறிவானது.

சரி, இப்போ வில்லனுக்கு வருவோம். சமையல் சோடா. தண்ணியில கலந்து குடிச்சதும் ஒரு பெரிய ஏப்பம், "அப்பாடா". அந்த ஏப்பம் சாப்பாடு செரிச்சதால வரல. சோடா அமிலத்தோட சேர்ந்து கார்பன் டை ஆக்ஸைடு வாயுவா மாறுது, அந்த வாயுதான். அரை டீஸ்பூன் முழுசும் அமிலத்தோட சேர்ந்தா, அரை லிட்டருக்கு மேலயே வாயு வரலாம்.

ஒரு உதாரணம் வெச்சுக்கலாம். ஒருத்தருக்கு 58 வயசு, பிபி மாத்திரை சாப்பிடுறார். ராத்திரி விருந்துல மூக்கு முட்டச் சாப்பிட்டு, வயிறு உப்பிப்போய், கண்ணளவுக்கு ஒரு குவிச்ச டீஸ்பூன் சோடாவைக் கலந்து மடமடனு குடிக்கிறார். முதல் தப்பு, நிறைஞ்ச வயித்துல குடிச்சது. ஏற்கனவே இழுபட்டிருக்கிற இரைப்பைக்குள்ள வாயுவும் சேருது. அப்படி இரைப்பையே கிழிஞ்ச சம்பவங்கள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. ரொம்ப அபூர்வம்தான், ஆனா நிறைஞ்ச வயிறுங்கிற விஷயம் அதுல திரும்பத் திரும்ப வரும். ரெண்டாவது, சோடியம். அரை டீஸ்பூன்லயே 600 மில்லிகிராமுக்கு மேல. அவர் குடிச்சது அதுல ரெண்டு மடங்குக்கும் கூட. அவர் பிபி மாத்திரை கஷ்டப்பட்டுச் செய்யுற வேலைக்கு நேர் எதிர். மூணாவது, மத்த மாத்திரைகள். வயித்து அமிலம் மாறினா சில மருந்து சரியா உறிஞ்சப்படாது. அதனாலதான் சோடாவுக்கும் மத்த மருந்துக்கும் ரெண்டு மணி நேர இடைவெளி விடச் சொல்றாங்க.

ஆரோக்கியமா இருக்கிற பெரியவங்க, வயிறு நிறையாதப்போ, தட்டையா அளந்த அரை டீஸ்பூனை அரை டம்ளர் தண்ணியில நல்லா கரைச்சு எப்பவாவது குடிக்கிறதுல பெரிய ஆபத்து இல்ல. தினப்படி பழக்கமாச்சுன்னா ரத்தத்துல காரத்தன்மை ஏறி, வாந்தி, தசை இழுப்பு, குழப்பம்னு போகும். பொங்குற பாக்கெட் பொடிகள்லயும் இதே சோடாதான் பெரும்பாலும் இருக்கு, லேபிளைப் பாருங்க. கர்ப்பிணிகளும் இதயம், சிறுநீரகம் சரியில்லாதவங்களும் சோடா பக்கமே போக வேண்டாம்.

அதே 58 வயசுக்காரரோட கதையில இன்னொரு திருப்பமும் இருக்கலாம். அவருக்கு வந்தது அஜீரணமே இல்லாம இருக்கலாம். இதயத்தோட கீழ்ப்பக்கத்துக்கு ரத்தம் போறது அடைபட்டா, வலி மேல் வயித்துல, கேஸ் மாதிரியே தெரியலாம். குமட்டலும் கூட வரலாம். திடீர்னு வேர்க்குது, மூச்சு வாங்குது, தாடை, கை, முதுகுப் பக்கம் வலி பரவுது, நடந்தா கூடுதுன்னா, இஞ்சியும் வேண்டாம், ஏப்பத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. சுகர் இருக்கிறவங்களுக்கு வலியே இல்லாம வெறும் அசதியும் வேர்வையுமா வரலாம்.

கறுப்பா தார் மாதிரி மலம் போறது, ரத்த வாந்தி இருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. முழுங்கக் கஷ்டம், காரணமில்லாம எடை குறையுறது இருந்தா சீக்கிரமா டாக்டரைப் பாருங்க. வலி மாத்திரை அடிக்கடி போடுறவங்களுக்கு வயித்து எரிச்சல்னா, அது புண்ணா இருக்கலாம். கஷாயத்தால அதை மூடி வைக்காதீங்க.

கடைசியா அதிமதுரம். இனிப்பா இருக்கு, தொண்டைக்கும் வயித்துக்கும் இதமா இருக்குன்னு வாரக்கணக்கா குடிக்கிறவங்க இருக்காங்க. அதுல இருக்கிற கிளைசிரைசின் உடம்புல உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைச்சு, பிபியை ஏத்தும், இதயத் துடிப்பையும் தடுமாற வைக்கும். பிபிக்கோ இதயத்துக்கோ மருந்து எடுக்கிறவங்களுக்கு அது வேண்டாம். கைக்குழந்தைக்கு ஆறு மாசம் வரைக்கும் இதுல எதுவுமே வேண்டாம், சீரகத் தண்ணி உட்பட.