பாமினியில் எழுதிய கோவில் பக்கங்களை மீட்பது

வணக்கம். மொரிசியசில் உள்ள நம் கோவில்களின் பழைய இணையப் பக்கங்களில் தைப்பூசக் காவடி அறிவிப்பு ஒரு வரி தமிழிலும் அடுத்த வரி பிரெஞ்சிலும் இருக்கும். தமிழ் வரியைப் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘கோவில்’ என்ற சொல் Nfhtpy; என்றுதான் தெரியும். இதை யூனிகோடுக்கு மாற்றுவது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பாமினியில் N என்றால் ஏகாரக் கொம்பு, f என்றால் க, h என்றால் கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பதால் கொம்பு முதலில் வரும். யூனிகோடில் மெய்தான் முதலில், உயிர்க்குறி அதன்பின். அதனால் எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு தனியாகத் தொங்கும். Nfh என்ற மூன்றையும் சேர்த்து முதலில் ‘கோ’ ஆக்க வேண்டும், அப்புறம் Nf என்பதை ‘கே’, கடைசியாக f மட்டும் ‘க’. நீளமானது முதலில். இந்த வரிசை மாறினால் எல்லாம் கெட்டுவிடும்.

அடுத்த சிக்கல் நம் ஊருக்கே உரியது. பாமினி சாதாரண ரோமன் எழுத்துகளையே தமிழாகக் காட்டுவது. எனவே பக்கத்தை உரையாக மட்டும் உருவி எடுத்து மொத்தமாக மாற்றினால் பிரெஞ்சும் ‘தமிழாகிவிடும்’. de என்பது ‘னந’ ஆகும், le என்பது ‘டந’ ஆகும். எது பாமினி என்று சொல்வது மூலப் பக்கத்தில் உள்ள இந்தக் குறி ஒன்றுதான்:

```
<font face="Bamini">Nfhtpy;</font>
```

ஆகவே குறிகளைக் களையும் முன்பே, இதற்குள் இருப்பதை மட்டும் மாற்றுங்கள். ஏற்கெனவே மாற்றிவிட்ட கோப்பு கையில் இருந்தால், ‘னந’, ‘டந’ தனிச் சொல்லாக வருகிறதா என்று தேடிப் பாருங்கள். சொல்லுக்குள் தேடக் கூடாது. ‘ஆனந்தம்’, ‘கடந்த’ எல்லாம் நல்ல தமிழ்தானே!

சரி, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ஔகாரம் நிற்கும். பாமினியில் ‘ள’வுக்கும் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ஒரே s தான். nfsup என்றால் கௌரியா, கெளரியா? திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் கௌரி என்று தேடினால் மற்றது அகப்படாது. காவடி எடுத்தவர் பெயரைப் பேரப்பிள்ளை தேடும்போது இது சின்ன விஷயம் இல்லை.

நான் கடைப்பிடிக்கும் விதி இது: n என்ற எகரக் கொம்பு போட்ட எழுத்தை அடுத்து s வந்தால் மட்டும் இந்தச் சந்தேகம். அந்த s-க்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது ‘ள’. ‘வெள்ளி’, ‘வெளி’ இரண்டும் அப்படித் தப்பிவிடும். அங்கே வெறும் s என்றால் ஔகாரம். எழுத்துத்தமிழில் இது பெரும்பாலும் சரியாக இருக்கும். பேச்சுத்தமிழில் எழுதிய நாடக வசனத்தில் சறுக்கும். ‘கெளம்பு’ என்பது ‘கௌம்பு’ ஆகிவிடும். அதனால் ஔகாரம் வந்த சொற்களை மட்டும் பிரித்தெடுத்து, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும்.