ஆறு ஏன் ஏழைக் கண்டு பயந்தது?

(கல்லூரி ஆங்கில மன்றத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மாணவ நண்பர்களே, வணக்கம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு விருந்தில் ஆங்கிலத்தில் ஜோக் சொல்லி மாட்டிக்கொண்டேன். ஆங்கிலம் பேசும் ஊர்களில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த ஜோக் அது. "வொய் வாஸ் சிக்ஸ் அஃப்ரெய்ட் ஆஃப் செவன்?" என்று கேட்க வேண்டும். "பிகாஸ் செவன் ஏட் நைன்" என்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிகாஸ் செவன் ஹேஸ் ஈட்டன் நைன்." இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. ஒரு நண்பர் மட்டும், "ஏழு எப்படி ஒன்பதைச் சாப்பிடும்?" என்று அக்கறையாகக் கேட்டார்.

என்ன நடந்தது என்று பார்ப்போம். எட்டு என்ற எண்ணுக்கும், 'சாப்பிட்டது' என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி: ஏட். எழுத்து வேறு, பொருள் வேறு, காதுக்கு மட்டும் ஒன்று. அதனால் 'செவன் ஏட் நைன்' என்பதை ஒரு காது ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்ணிக்கையாகக் கேட்கிறது. கேள்வியில் 'பயம்' இருப்பதால், அதே காது அடுத்த நொடி, 'ஏழு ஒன்பதைத் தின்றுவிட்டது' என்று திருத்திக் கேட்கிறது. நான் 'ஈட்டன்' என்றதும் எட்டு காணாமல் போய்விட்டது.

சொல்லும் வேகத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. மூன்று சொற்களையும் தனித்தனியாக நிறுத்திச் சொன்னால் வெறும் எண்ணிக்கைதான் கேட்கும். நடுச்சொல்லை மட்டும் அழுத்தினால், தின்ற கதை முன்னாலேயே வெளியே வந்துவிடும். சாதாரணமாக எண்ணுகிற குரலில், ஆனால் ஒரே வாக்கியமாக, சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பதிலுக்குப் பின்னால் ஒட்டுகிற ஒவ்வொரு சொல்லும் சிரிப்பைத் தள்ளிப்போடும். இன்னொன்று: இங்கிலாந்தில் பலர் அந்த வினைச்சொல்லை 'எட்' என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னால் இந்த ஜோக் செத்தது.

இதையே தமிழில் சொல்லிப் பாருங்களேன். "ஆறு ஏன் ஏழைக் கண்டு பயந்தது?" தின்ற கதை போய்விட்டது. ஆனால் வேறொன்று தானாக வந்து நிற்கிறது. ஆறு என்றால் நதி. ஏழை என்றால் காசில்லாதவன். ஓடுகிற நதி எதற்குக் காசில்லாதவனைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? ஒரு மொழியின் சிலேடையைத் தூக்கி வந்தால் அது வழியிலேயே இறங்கிவிடும். தன் பாட்டுக்கு வேறொன்று ஏறிக்கொள்ளும்.

நம் இலக்கணக்காரர்கள் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என்று இரண்டாகப் பிரித்தார்கள். சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தருவது ஒன்று. பிரிக்கும் விதத்தில் பொருள் மாறுவது மற்றொன்று. காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்துப் பாடியபோது 'பிண்ணாக்கு' என்றார். எள்ளுக்கு அது பிண்ணாக்கு. பாம்புக்கோ பிளந்த நாக்கு. இந்தப் பழக்கம் நமக்கு உண்டு. ஆனால் நம் எழுத்து பெரும்பாலும் ஒலியைப் பின்தொடர்கிறது. ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் அடிக்கடி பிரிந்து போய்விடுவதால், ஏட் போன்ற ஜோடிகள் அங்கே ஏராளம். ஆகவே புத்தகத்தில் படித்து ஆங்கிலம் கற்றவருக்குத்தான் இவை தப்பிப்போகும்: எழுத்தைப் பார்த்த கண், காதை முந்திவிடுகிறது.

ஒலியில் அல்லாமல், ஒரே சொற்றொடரின் இரு பொருளில் நிற்கிற வகையும் உண்டு. "புவியீர்ப்பு எதிர்ப்பைப் பற்றி ஒரு புத்தகம் படிக்கிறேன். அதைக் கீழே வைக்கவே முடியவில்லை." ஆங்கிலத்தில் முடிவு 'இம்பாசிபிள் டு புட் டவுன்'. சுவாரசியமான புத்தகத்தைக் கீழே வைக்க மனம் வராது என்று நாமும் சொல்வதால், இது மட்டும் சேதமில்லாமல் தமிழுக்கு வந்துவிட்டது.

புரியாத ஜோக்கை எப்படிப் பிடிப்பது? பதில் கேள்விக்குப் பொருந்தாமல் இருந்தால், கடைசி இரண்டு மூன்று சொற்களை மெதுவாக, எழுத்தை மறந்து, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் சூட்சுமம் அங்கேதான் இருக்கும். சரி, ஒன்று கேட்கிறேன். "வொய் காண்ட் எ பைசைக்கிள் ஸ்டாண்ட் பை இட்செல்ஃப்?" பதில்: "பிகாஸ் இட்ஸ் டூ டயர்ட்."

(முன்வரிசை மாணவி ஒருவர்: "இரண்டு டயர் இருக்கிறதே, அதற்கென்ன சார்?")

பாதி பிடித்துவிட்டீர்கள் அம்மா. இப்போது அந்த 'டூ'வை எண்ணாகக் கேட்காமல், 'மிகவும்' என்று கேட்டுப் பாருங்கள்.

(சற்று மௌனம். பிறகு அவர் தலையில் கைவைத்து, "ஐயோ, கடவுளே!" என்றார்.)

அதுதான். ஆங்கிலேயர்களும் சிலேடைக்கு இப்படித்தான் முனகுவார்கள்.