மேலிமை மறைக்கும் கண்ணுக்கு எந்த ஐலைனர்? மூன்றையும் போட்டுப் பார்த்தேன்

வணக்கம். கேமராவைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்திருக்கிறேன், காரணம் இருக்கிறது. நான் நேராகப் பார்க்கும்போது என் மேலிமை எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். ஏறக்குறைய ஒன்றும் தெரியவில்லை. புருவத்தின் கீழுள்ள தோல் மடிந்து இறங்கி, இமைமயிர் வரை வந்து உட்கார்ந்துகொள்கிறது. கண்ணும் சிறியது. இத்தகைய கண்ணில் ஐலைனர் போட்டவர்களுக்குத் தெரியும், போட்டு முடித்துக் கண்ணைத் திறந்ததும் மடிப்பில் இன்னொரு கோடு அச்சாகியிருக்கும். முத்திரை குத்தியதுபோல.

இந்த அச்சு ஏன் விழுகிறது என்று புரிந்துவிட்டால் எந்த ஐலைனர் வாங்குவது என்பதும் புரிந்துவிடும். நம் கண்ணில் இமைத் தோல் இமைத் தோலின்மேல் படுகிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் உராய்வு. அந்த மடிப்புக்குள் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தேங்குகின்றன. ஆக, நம் கண்ணில் மையைக் கலைப்பது பெரும்பாலும் கண்ணீர் அல்ல, எண்ணெயும் உராய்வும்தான். ‘வாட்டர்புரூஃப்’ என்று போட்டிருந்த பென்சில்களை நம்பி வாங்கி, மதியத்துக்குள் கறுத்த மடிப்போடு நின்றிருக்கிறேன். தண்ணீரைத் தாங்கும் பொருள் எண்ணெயையும் தாங்க வேண்டும் என்பதில்லை. பென்சிலின் உள்ளே இருப்பதே மெழுகும் எண்ணெயும்தான். தோலின் எண்ணெய் அதோடு எளிதாகக் கலந்துவிடும்.

இப்போது கையைக் காட்டுகிறேன். புறங்கையில் மூன்று கோடுகள் போட்டிருக்கிறேன். முதலாவது சாதாரண மென்மையான பென்சில், நடுவில் டப்பாவில் வரும் ஜெல், கடைசியில் பேனா போன்ற லிக்விட். போட்டு ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. ஒவ்வொன்றின்மீதும் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, விரலால் மெதுவாகப் பத்து முறை தேய்க்கிறேன். பென்சில் இரண்டாவது தேய்ப்பிலேயே புகை மாதிரி பரவிவிட்டது. ஜெல் கொஞ்சம் பொறுத்தது, ஆறேழு முறைக்குப் பிறகு ஓரம் கரைகிறது. லிக்விட் கோடு அப்படியே நிற்கிறது. இப்போது அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி விரலை வைக்கிறேன். பார்த்தீர்களா? அது கரையவில்லை, சின்னச் சின்ன நூல் துணுக்குகளாக உரிந்து வருகிறது.

இந்த உரிதல்தான் நாம் தேட வேண்டிய அடையாளம். இந்த வகை லிக்விட் உலர்ந்ததும் தோலின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் போன்ற ஒரு படலமாகிவிடுகிறது. எண்ணெய் அதைத் தொடுவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் அதை ஊற வைத்துத் தளர்த்துகிறது. எல்லா லிக்விடும் இப்படி இல்லை. சில லிக்விட் எண்ணெய் கலந்த ரிமூவர் இல்லாமல் அசையாது. அதனால் பெயரைப் பார்த்து வாங்காமல் இந்தச் சோதனையைச் செய்துபாருங்கள். எதனால் ஒரு மை எளிதில் அழிகிறதோ, நாள் முழுவதும் அதே பொருள் கண்ணில் பட்டால் அது கலையவும் செய்யும். கலைவதும் அழிப்பதும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கம்.

அடுத்து நான் கண்ணில் செய்த சோதனையைச் சொல்கிறேன். முதல் நாள் வலக்கண்ணில் ஜெல், இடக்கண்ணில் லிக்விட். இரண்டாம் நாள் மாற்றிப் போட்டேன், ஒரு கண்ணில் மடிப்பு கூடுதலாக இறங்கியிருந்தால் முடிவு தவறிப்போகும் அல்லவா. இரண்டு நாளும் மேலிமையை டிஷ்யூவால் ஒற்றி எண்ணெய் எடுத்த பிறகே போட்டேன். ஜெல் போட்டவுடன் கண்ணைத் திறந்தபோது மடிப்பில் தெளிவான அச்சு விழுந்தது. ஜெல்லில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் போகும்வரை அது ஈர மைதான். மறுநாள் கீழே பார்த்தபடி ஒரு நிமிடம் பொறுத்தேன், அதே நிறத்தில் ஐ ஷாடோவைத் தட்டையான சிறு பிரஷால் அதன்மேல் அழுத்தி வைத்தேன், தேய்க்கவில்லை. அன்று மாலைவரை அச்சு இல்லை, வெளி ஓரத்தில் மட்டும் சற்று மங்கல். லிக்விடில் அச்சு விழவே இல்லை. ஆனால் மடிப்பு வந்து படுகிற இடத்தில், தடிமனாகப் போட்ட பகுதியில் வெடிப்பு விட்டு, இரண்டு துகள் கன்னத்தில் உதிர்ந்தது. மெல்லியதாகப் போட்ட பகுதி நன்றாகவே இருந்தது. நம் கண்ணுக்கு லிக்விட் போடும்போது இரண்டாவது பூச்சு வேண்டாம் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

பென்சிலைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மடிப்புக்கு அது ஏற்றதல்ல. ஆனால் ஒரு வேலையில் அதை மிஞ்ச முடியாது. இமைமயிர்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளைப் புள்ளி புள்ளியாக நிரப்புவதில்தான். கோடு இமையின்மேல் இடம் பிடிக்காது, கண்ணின் வெண்மையும் குறையாது, இமைமயிர் அடர்த்தியாகத் தெரியும். சிறிய கண்ணுக்கு இதுவே போதும் என்று நான் நினைக்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும். இமைமயிருக்கு உள்பக்கம், கண்ணைத் தொடும் ஈர விளிம்பில் போடாதீர்கள். அந்த விளிம்பில் கண்ணீருக்கு எண்ணெய் தரும் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன. அங்கே போட்ட மை விரைவாகக் கண்ணீரில் கலந்துவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் இதை விட்டுவிடுவதே நல்லது.

கோடு போடும் முறைக்கு வருகிறேன். கண்ணை மூடிக்கொண்டு, தோலை ஓரத்துக்கு இழுத்துப் போடுவது நமக்கு ஒத்து வராது. விட்டவுடன் கோடு மடிப்புக்குள் போய் வளைந்துவிடும். கண்ணாடியை நேர் எதிரே வைத்து, முகத்தைத் தளர்த்தி, கண்ணைத் திறந்தபடி பாருங்கள். வால் எங்கே முடிய வேண்டுமோ அங்கே திறந்த கண்ணிலேயே ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து உள்நோக்கி, மடிப்பின் மேலாகவே நேர்கோடு இழுங்கள். பிறகு கண்ணை மூடினால் நடுவில் ஒரு சிறு படி போல இடைவெளி தெரியும், அதை நிரப்பிவிடுங்கள். மூடிய கண்ணில் அது வௌவால் இறக்கை மாதிரி விசித்திரமாக இருக்கும். திறந்தால் நேர்க்கோடு. உள்மூலையில் எதுவும் வேண்டாம், வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு போதும்.

இனி அழிப்பது. இமைத் தோல் மிக மெல்லியது, தேய்த்தால் சிவந்துவிடும். ஜெல்லுக்கும் பென்சிலுக்கும் எண்ணெயும் நீரும் இரண்டு அடுக்காக இருக்கும் ரிமூவரைக் குலுக்கி, பஞ்சில் நனைத்து, மூடிய கண்ணில் முப்பது வினாடி வைத்திருங்கள். பிறகு கீழ்நோக்கி ஒரே இழுப்பு. மடிப்பை விரலால் சற்றே உயர்த்தி உள்ளேயும் துடையுங்கள், நம் கண்ணில் மிச்ச மை ஒளிந்திருப்பது அங்கேதான். படல லிக்விடுக்கு வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை அதே முப்பது வினாடி வைத்தால் போதும். முதல் முறை துணுக்குகளைப் பார்த்து இமைமயிர் உதிர்ந்துவிட்டது என்று நான் பயந்தேன். துணுக்கை விரலில் எடுத்து நசுக்கிப் பாருங்கள், மையாக இருந்தால் தட்டையாகும்.