விலாசத்தைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள்

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் கைப்பேசிச் சந்தேகங்களோடு வருபவர்களுக்கு நான் உதவி செய்வதுண்டு. சென்ற மே மாதம் அங்கே வந்த ஒரு மின்னஞ்சலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கொண்டு வந்தவர் அதற்கு முந்தின ஆண்டு ஓய்வு பெற்ற கிராணி ஐயா. "தம்பி, வரி வாரியம் எனக்கு 1,284 வெள்ளி திருப்பித் தருதாம். 24 மணி நேரத்துக்குள்ள கேட்கலேன்னா ரத்தாம்" என்றார். அவர் ஏமாளி இல்லை. சம்பளத்தில் மாதாமாதம் வரி அதிகமாகப் பிடித்துவிட்டார்கள் என்று கணக்குப் போட்டு, ஏப்ரலில் பாரம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தவர். இப்படிக் காத்திருப்பவர்கள் அந்த மாதத்தில் நாடு முழுக்க இருப்பார்கள். மோசடிக்காரனுக்கு இவரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால், யாரோ சிலருக்குப் பொருந்திவிடும்.

அனுப்பியவர் பெயர் LHDN Malaysia என்று இருந்தது. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். கைப்பேசி பெரும்பாலும் பெயரை மட்டும் காட்டிவிட்டு முகவரியை மறைத்து வைக்கும். ஜிமெயிலில் பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியைத் தொட்டால் முகவரி தெரியும். தொட்டோம். notis@pulangan-akaun7.com என்பது போல ஒன்று வந்தது. அசலைச் சற்று மாற்றிச் சொல்கிறேன். வரி வாரியத்தின் முகவரி hasil.gov.my என்று முடிய வேண்டும்.

ஆனால் இங்கே ஒன்று. அனுப்புநர் முகவரி தவறாக இருந்தால் கடிதம் பொய் என்று தைரியமாகச் சொல்லலாம். சரியாக இருந்தால் மெய் என்று சொல்லிவிட முடியாது. முகவரியையே போலியாகப் போட வழிகள் உண்டு. யாரோ ஒருவரின் உண்மையான கணக்கைத் திருடி அதிலிருந்தும் அனுப்பலாம். அதனால் நான் அதிகம் நம்புவது இணைப்பைத்தான்.

கடிதத்தில் Tuntut Sekarang என்று ஒரு பச்சைப் பொத்தான். அதைத் தட்டாமல், விரலை அழுத்திப் பிடித்தோம். அது கொண்டுபோகும் இடம் எழுத்தில் வந்தது:

```
https://hasil.gov.my.pulangan-akaun7.com/tuntut
```

"hasil.gov.my இருக்கே தம்பி!" என்றார் ஐயா. இருக்கிறது, ஆனால் தவறான இடத்தில். "ஐயா, நீங்கள் எத்தனை கடித உறை பார்த்திருப்பீர்கள்? முதல் வரியில் மாவட்ட அலுவலகம் என்று எழுதிவிட்டுக் கடைசி வரியில் வேறு ஊர் போட்டிருந்தால், தபால்காரர் எங்கே போவார்?" என்று கேட்டேன். "கடைசி வரிக்குத்தான்" என்றார். இணைய முகவரியும் அப்படித்தான். https:// என்பதை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் முதல் சாய்கோட்டில் நில்லுங்கள். அங்கிருந்து இடது பக்கமாகப் படியுங்கள். com, அதற்கு முன்னால் pulangan-akaun7. வீட்டுக்காரர் அவர்தான். அதற்கும் முன்னால் உள்ளதெல்லாம் வாசலில் அவரே எழுதி மாட்டிய பலகை. உண்மையான முகவரியில் கடைசியில் my, அதற்கு முன் gov, அதற்கு முன் hasil. நடுவில் வேறு எதுவும் நுழையாது. ஓரத்தில் பூட்டுப் படம் இருந்தால் பத்திரம் என்று சிலர் சொல்வார்கள். அது வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதற்குத்தான். திருடனும் தன் வீட்டுக்குப் பூட்டுப் போடுவான்.

அப்புறம் அந்த 24 மணி நேரம். அவசரம் உண்மையில் அவர்களுக்குத்தான். போலிப் பக்கத்தைப் பற்றிப் புகார் போனால் உலாவிகள் சீக்கிரமே அதைத் தடுத்துவிடும். அதற்குள் நாம் வந்து வங்கிக் கணக்கின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தாக வேண்டும். வரிப்பணம் திரும்பி வருவதற்கு நாம் கடவுச்சொல் கொடுக்க வேண்டியதே இல்லை. பாரத்தில் எழுதிய வங்கிக் கணக்குக்கு அதுவாகவே வந்து சேரும்.

கொடுத்துத் தொலைத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு காலையாகட்டும் என்று இருக்க வேண்டாம். உடனே வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997 என்ற எண்ணுக்கும் அழையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து வெளியே போவதற்குள் பிடித்தால்தான் உண்டு.

ஐயா அன்று என் முன்னாலேயே mytax.hasil.gov.my என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி உள்ளே போய்ப் பார்த்தார். 1,284 வெள்ளி எங்கேயும் இல்லை. மூன்று வாரம் கழித்து அவருடைய பணம் வங்கிக் கணக்கில் ஏறியிருந்தது. 212 வெள்ளி. "நான் போட்ட கணக்கு சரிதான் தம்பி" என்று மட்டும் சொன்னார்.