இரண்டு தொழில், ஒரே ஆள்: அறிமுகத்தை எப்படி எழுதுவது?

[திரை: வெள்ளைப் பின்னணியில் ஒரு பத்தி மட்டும்.]

குரல்: முதலில் இந்தப் பத்தியை ஒருமுறை படியுங்கள்.

[திரை: "கட்டமைப்புப் பொறியியல் படித்து, பாலங்களை வடிவமைக்கும் நிறுவனத்தில் பணியாற்றி, தற்போது குடும்பப் பண்ணையை நடத்திவரும் இவர், 15 ஆண்டு அனுபவம் மிக்கவர். களப்பணியிலும் மண் பரிசோதனையிலும் தேர்ந்தவர்."]

குரல்: இந்தப் பெண்மணி இப்போது என்ன வேலை செய்கிறார்? பத்து பேரிடம் கேட்டால் பெரும்பாலோர் "விவசாயம்" என்றே சொல்வார்கள். "முன்பு பொறியாளராக இருந்தார், இப்போது அதை விட்டுவிட்டார்" என்றும் சேர்த்துக்கொள்வார்கள். அது தவறு. அவர் இன்றும் பொறியாளர். காலையில் அலுவலகத்தில் பாலத்தின் அடித்தளத்தைக் கணக்கிடுகிறார். மாலையில் பண்ணையின் வரவுசெலவைப் பார்க்கிறார். இரண்டும் இன்று நடப்பவை.

நாம் எடுத்துக்கொண்டிருப்பது உதாரணத்துக்காக உருவாக்கிய ஒருவரைத்தான். ஆனால் இந்தப் பிழையை உண்மையான அறிமுகங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். தமிழ் வாக்கியம் இயல்பாக எந்தப் பக்கம் ஓடுமோ, அந்தப் பக்கம் அதை ஓடவிட்டிருப்பார், அவ்வளவுதான்.

[திரை: "படித்து", "பணியாற்றி", "நடத்திவரும்" ஆகிய சொற்கள் மட்டும் சிவப்பில்.]

குரல்: குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். "படித்து", "பணியாற்றி" ஆகியவை வினையெச்சங்கள். தமிழில் வினையெச்சங்களை வரிசையாக அடுக்கினால், ஒன்று முடிந்து மற்றொன்று நடந்ததாகவே காது கேட்கிறது. "எழுந்து, குளித்து, சாப்பிட்டுக் கிளம்பினாள்" என்பதில் எழுந்ததும் குளித்ததும் முடிந்துபோன செயல்கள். அதே அச்சில் "பணியாற்றி, பண்ணையை நடத்திவரும்" என்று எழுதினால், பணியாற்றுவதும் முடிந்துபோனதாகிவிடுகிறது. கூடவே "தற்போது" என்ற சொல் பண்ணைக்கு முன்னால் போய் நின்றுகொண்டால், மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்துவிடுகிறது. வாசகர் உறுதியாகத் தவறான முடிவுக்கு வருகிறார்.

சரி, "பணியாற்றிக்கொண்டே பண்ணையை நடத்துகிறார்" என்று மாற்றிவிடலாமா? காலக் குழப்பம் தீரும். ஆனால் "கொண்டே" சேர்ந்த வினை வாக்கியத்தின் பின்னணிக்குப் போய்விடும். கடைசியில் நிற்கும் வினைதான் முதன்மையாகும். "பாட்டுக் கேட்டுக்கொண்டே சமைத்தார்" என்றால் நாம் சமையலைப் பற்றிப் பேசுகிறோம். ஆகவே இந்த மாற்றத்தில் பொறியியல் வேலை, பண்ணைக்குப் பக்கவாட்டில் நடக்கும் ஒன்றாகச் சுருங்குகிறது. அவர் தம் நாளின் பெரும்பகுதியைச் செலவிடும் வேலை அது.

"உம்" என்ற இடைச்சொல்லுக்கும் இதே வலிமை உண்டு. மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

[திரை: மூன்று வரிகள், ஒன்றன்பின் ஒன்றாக.
"இவர் பொறியாளர், விவசாயமும் பார்க்கிறார்."
"பொறியாளரும் விவசாயியும் பேசுகிறார்கள்."
"பொறியாளரும் விவசாயியுமான இவர் பேசுகிறார்."]

குரல்: முதல் வரியில் "உம்" ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கிறது, விவசாயம் ஓய்வுநேர வேலையாகத் தெரிகிறது. இரண்டாவது வரியில் ஆட்களே இரண்டாகிவிட்டார்கள். கூட்ட அழைப்பிதழில் இப்படி அச்சாகி, இன்னொரு பேச்சாளர் எங்கே என்று வந்தவர்கள் தேடக்கூடும். மூன்றாவதில் "ஆன" என்ற சிறு சொல் இரண்டையும் ஒரே ஆளின்மேல் கட்டிவைக்கிறது. எனக்குப் பிடித்தது இந்த மூன்றாவதுதான். ஆனாலும் அறிமுகத்தின் முதல் வாக்கியத்துக்கு இதைவிட வெளிப்படையான ஒன்று வேண்டும்: "இவர் பொறியாளர், விவசாயி, இரண்டு வேலைகளையும் ஒரே காலத்தில் செய்துவருகிறார்." அழகு குறைவுதான். ஆனால் "ஒரே காலத்தில்" என்ற இரண்டு சொற்களைப் படித்தபின் யாரும் தவறாகப் புரிந்துகொள்ள முடியாது.

[திரை: "15 ஆண்டு அனுபவம்" என்ற சொற்கள் வட்டமிடப்படுகின்றன.]

குரல்: அடுத்து, இந்தப் பதினைந்து ஆண்டு. எதில்? பாலம் கட்டும் நிறுவனத்தார் படித்தால் பொறியியலில் என்று எடுத்துக்கொள்வார்கள். விளைச்சலை வாங்க வருபவர் படித்தால் விவசாயத்தில் என்று எடுத்துக்கொள்வார். நம் உதாரணத்தில் அவர் 2010 முதல் பொறியாளர். பண்ணைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது 2017இல். ஆக, விளைச்சலை வாங்க வருபவர் ஏழு ஆண்டு அனுபவத்தைக் கூடுதலாக நம்பிவிடுகிறார்.

ஒரு தொழில் உள்ளவருக்கு "15 ஆண்டு அனுபவம்" என்று மொத்தமாகச் சொல்லலாம். இரண்டு தொழில் உள்ளவருக்கு, ஒவ்வொரு வேலைக்கும் அதன் தொடக்க ஆண்டைத் தனித்தனியே சொல்லுங்கள். "2010 முதல்" என்றால் அது அடுத்த ஆண்டும் உண்மையாக இருக்கும். "15 ஆண்டுகளாக" என்பது அடுத்த ஆண்டே பழசாகிவிடும். வினையிலும் கவனம் தேவை. "2017 முதல் நடத்திவருகிறார்" என்பது தொடக்கத்தையும் தொடர்ச்சியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. "நடத்துகிறார்" என்பதில் தொடக்கம் தெரியாது, "நடத்தினார்" என்றால் பண்ணையே கைவிட்டுப் போய்விடும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் தன்விவரக் குறிப்பில் இது இன்னும் கூர்மையான சிக்கல். அங்கே வேலைகளைப் புதியதிலிருந்து பழையதாகக் கீழ்நோக்கி எழுதுவது வழக்கம். மேலே இருப்பது இன்றையது, கீழே இருப்பது முந்தையது என்று பார்ப்பவரின் கண் பழகியிருக்கிறது.

[திரை:
"2017 – இன்றுவரை: குடும்பப் பண்ணை, பொறுப்பாளர்
2010 – இன்றுவரை: வடிவமைப்பு நிறுவனம், கட்டமைப்புப் பொறியாளர்"]

குரல்: இப்படி ஒரே பட்டியலில் எழுதினால், இரண்டு "இன்றுவரை" இருப்பதைப் பார்ப்பவர் தட்டச்சுப் பிழை என்று நினைப்பார். இல்லையென்றால் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு, பொறியாளர் பணிக்கு விவசாயி ஏன் விண்ணப்பிக்கிறார் என்று தாளைத் தள்ளிவைப்பார். பட்டியலை இரண்டாக உடையுங்கள். "பொறியியல் பணி" என்று ஒரு தலைப்பு, "பண்ணைப் பொறுப்பு" என்று இன்னொன்று. இரண்டாவது தலைப்பின் கீழ் ஒரே ஒரு வரி: "பொறியாளர் பணியோடு சேர்த்து நடத்திவருவது." எந்தத் தலைப்பு மேலே வரவேண்டும் என்பதை, அந்தத் தாள் யார் கைக்குப் போகிறதோ அவரை வைத்து முடிவுசெய்யுங்கள். வருமானம் எதில் அதிகம், மனசு எதில் அதிகம் என்பதெல்லாம் படிப்பவருக்குப் பயன்படாது.

[திரை: "களப்பணியிலும் மண் பரிசோதனையிலும் தேர்ந்தவர்." இதற்குக் கீழே இரு படங்கள்: இடப்பக்கம் பாலம் கட்டும் இடம், வலப்பக்கம் வயல்.]

குரல்: இப்போது எழுதுபவர்கள் கவனிக்கவே கவனிக்காத இடத்துக்கு வருகிறோம். இந்த இரண்டு தொழிலுக்கும் பொதுவான சொற்கள் இருக்கின்றன, பொருள்தான் வேறு. பொறியாளருக்கு மண் பரிசோதனை என்றால், அந்த மண் எவ்வளவு சுமையைத் தாங்கும், எவ்வளவு அமுங்கும் என்று பார்ப்பது. துளையிட்டு ஆழத்திலிருந்து மாதிரி எடுப்பார்கள். விவசாயிக்கு மண் பரிசோதனை என்றால் கார அமில நிலை, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. பெரும்பாலும் மேல்மண்ணிலிருந்தே மாதிரி எடுப்பார்கள். ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள். "களப்பணி" என்பதும் அப்படித்தான். பாலம் கட்டும் இடத்துக்குப் போவதா, வயலுக்குப் போவதா? "வடிகால்", "நீர் மேலாண்மை", ஏன், வெறும் "வேலை" என்ற சொல்லும்கூட இரண்டு பக்கமும் சாயும்.

இதற்கு அருஞ்சொல் தேட வேண்டாம். சொல்லுக்கு முன்னால் இடத்தை வையுங்கள். "பாலத்துக்கான மண் பரிசோதனை", "வயல் மண்ணின் சத்துப் பரிசோதனை". நீண்ட கட்டுரையாக இருந்தால், ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்திலும் நாம் அலுவலகத்தில் இருக்கிறோமா, பண்ணையில் இருக்கிறோமா என்று சொல்லிவிடுங்கள். தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது இயல்பு. அதனால் "மறுநாள் ஆட்களோடு போய்ப் பார்த்தார்" என்ற வாக்கியம் எந்த இடத்தையும் காட்டாமல் மிதக்கும். ஒரு பத்திக்குள் இரண்டு தொழிலுக்கும் இடையே தாவாமல் இருப்பதும் பெரிய உதவி.

இன்னொன்று, "குடும்பப் பண்ணையை நடத்துகிறார்" என்ற தொடர். நிலம் யாருடையது, ஏர் பிடிப்பது யார், முடிவெடுப்பது யார் என்று எதுவும் அதில் இல்லை. முழுநேர வேலையில் இருப்பவர் பண்ணையையும் நடத்துகிறார் என்றால், வாசகருக்கு உடனே எழும் கேள்வி "எப்படி நேரம் கிடைக்கிறது?" என்பதுதான். அதற்குப் பதில் இல்லாவிட்டால், இரண்டில் ஒன்று பெயருக்குத்தான் என்று முடிவுகட்டிவிடுவார். பதில் ஒரு வாக்கியம் போதும்: எது இவர் கையில், எது வேறொருவர் கையில்.

[திரை: திருத்திய பத்தி, வாக்கியம் வாக்கியமாகத் தோன்றுகிறது.]

குரல்: இப்போது பத்தியைப் புதிதாக எழுதுவோம். "இவர் பொறியாளர், விவசாயி, இரண்டு வேலைகளையும் ஒரே காலத்தில் செய்துவருகிறார். 2010 முதல் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தில் பாலங்களின் அடித்தளங்களை வடிவமைத்துவருகிறார்; பாலம் அமையும் இடத்தின் மண் பரிசோதனையில் தேர்ந்தவர். பண்ணை இவருடைய பெற்றோருக்குச் சொந்தமானது. 2017 முதல் அங்கே எதைப் பயிரிடுவது என்ற முடிவும் வரவுசெலவும் இவர் பொறுப்பு. அன்றாட வேலைகளை இவருடைய தம்பி கவனிக்கிறார். அறுவடை நாட்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு இவரும் வயலில் இருப்பார்."

பழைய பத்தியைவிட இது நீளம். அந்த நீளத்தை நான் குறைக்க மாட்டேன். இடம் போதாமல் குறைத்தே ஆகவேண்டும் என்றால், கடைசி வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். முதல் வாக்கியத்தைத் தொடாதீர்கள். "பாலத்தையும் பயிரையும் எழுப்புபவர்" என்பது போன்ற சொல்லாட்டத்துக்கும் இதில் இடம் இல்லை. அது இனிமையாக ஒலித்தாலும், இரண்டு வேலையும் எங்கோ ஒன்றாகக் கலந்துவிட்டதாக ஒரு மயக்கம் தந்துவிடும்.

[திரை: நான்கு கேள்விகள்.]

குரல்: எழுதியதைச் சோதிக்க, அந்த மனிதரை அறியாத ஒருவரிடம் பத்தியைக் கொடுங்கள். அவர் ஒருமுறை படித்ததும் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேளுங்கள். இவர் இன்று என்னென்ன வேலை செய்கிறார்? எது முதலில் தொடங்கியது? பண்ணையில் இவர் செய்வது என்ன? மண் பரிசோதனை என்றதும் உங்கள் மனத்தில் வந்த இடம் எது? முதல் கேள்விக்கு ஒரே ஒரு தொழிலைச் சொன்னால், வினையெச்சம் எங்கோ ஒளிந்திருக்கிறது. இரண்டாவதில் தடுமாறினால், ஆண்டு தவறான வாக்கியத்தில் இருக்கிறது. நான்காவதுக்கு வயல் என்று பதில் வந்தால், இடத்தின் பெயரைச் சொல்லுக்கு இன்னும் நெருக்கமாக வையுங்கள்.

நாளை ஒரு தொழில் நின்றுபோனாலும் இந்தப் பத்தியை முழுவதுமாக மாற்றத் தேவையில்லை. ஒவ்வொரு தொழிலும் தனக்கென்ற வாக்கியத்தில் இருப்பதால், முதல் வாக்கியத்தையும் நின்றுபோன வேலையின் வினையையும் திருத்தினால் போதும். "வடிவமைத்துவருகிறார்" என்பது "2010 முதல் 2027 வரை வடிவமைத்தார்" ஆகும். பண்ணையைப் பற்றிய வாக்கியங்களில் "விடுப்பு எடுத்துக்கொண்டு" என்பதை மட்டும் நீக்கினால், மற்றவை அப்படியே இருக்கும்.