நூறைத் தாண்டிய பங்கு

வணக்கம், நேயர்களே. கோலாலம்பூரில், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் செயலாளர் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவள் நான். பங்குதாரர் பதிவேடு, ஆண்டுக் கூட்டம், ஆண்டறிக்கை எல்லாம் அந்த மேசையில்தான். இறுதியாண்டு மாணவர்களின் கடிதமும் அங்கேதான் வரும். "உங்கள் நிறுவனத்தின் வரலாற்றையும் உரிமையாளர் யார் என்பதையும் சுருக்கமாக அனுப்பி வையுங்கள்." பெரும்பாலும் இந்த ஒரே வரிதான்.

இந்த வரிக்குப் பதில் எழுதுவது கடினம். 'உரிமையாளர்' என்று ஒரே ஆளைச் சுட்ட முடியாது. பங்குகள் தினமும் கை மாறுகின்றன. எந்தத் தேதியில் என்று கேட்டால்தான் பதிலே உண்டு. பட்டியல் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் புர்சா மலேசியா இணையத்தளத்திலேயே கிடைக்கும். அதன் கடைசிப் பக்கங்களில், 5 விழுக்காடும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களின் பட்டியலும், முதல் முப்பது பங்குதாரர்களின் பட்டியலும், அவை எந்தத் தேதிக்கு உரியவை என்பதும் இருக்கும். முதலில் அதைப் படித்துவிட்டுப் புரியாததைக் கேட்க வேண்டும்.

அப்படிப் படித்துவிட்டுக் கேட்ட ஒரு பெண்ணை நான் மறக்கவே இல்லை. "மேடம், உங்கள் அறிக்கையில் மூன்று பேரின் பங்கைக் கூட்டினால் 126 விழுக்காடு வருகிறது. அச்சுப் பிழையா?" என்று எழுதியிருந்தாள். அச்சுப் பிழை இல்லை. ஆனால் அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

மெதுவாகச் சொல்கிறேன். எங்கள் பங்கில் 42 விழுக்காட்டை ஒரு நிறுவனம் நேரடியாக வைத்திருந்தது. அதை முதல் நிறுவனம் என்போம். அந்த முதல் நிறுவனத்தின் 60 விழுக்காடு இரண்டாவது நிறுவனத்திடம். அந்த இரண்டாவது நிறுவனத்தின் 25 விழுக்காடு ஒரு குடும்ப நிறுவனத்திடம். நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, ஒரு நிறுவனத்தில் 20 விழுக்காட்டுக்குக் குறையாத வாக்குரிமை உள்ளவருக்கு, அந்த நிறுவனம் வைத்திருக்கும் பங்கிலும் உரிமை இருப்பதாகவே கொள்வார்கள். ஆகவே மூவர் பெயருக்கு நேரேயும் அதே 42 நிற்கும். முதல் நிறுவனத்துக்கு நேரடிப் பங்கு என்ற பத்தியில், மற்ற இரண்டுக்கும் மறைமுகப் பங்கு என்ற பத்தியில்.

ஒரே வீட்டைப் பேரனும் 'எங்க வீடு' என்பான், அப்பாவும் 'எங்க வீடு' என்பார், தாத்தாவும் அப்படியே. அதற்காகத் தெருவில் மூன்று வீடு என்று எண்ணுவோமா? நேரடிப் பத்தியை மட்டும் கூட்ட வேண்டும். மறைமுகப் பத்தியைக் கூட்டவே கூடாது.

சரி, அந்தக் குடும்ப நிறுவனத்துக்கு உண்மையில் எவ்வளவு? நாங்கள் 100 ரிங்கிட் லாபப் பங்கு கொடுத்தால், 42 ரிங்கிட் முதல் நிறுவனத்துக்குப் போகும். அது அப்படியே மேலே போனால், இரண்டாவதற்கு 25 ரிங்கிட் 20 சென். அதில் கால்வாசி, 6 ரிங்கிட் 30 சென், குடும்ப நிறுவனத்துக்கு. அறிக்கையில் 42, கையில் 6.3. இரண்டும் சரிதான். ஒன்று சட்டம் எண்ணும் கணக்கு, மற்றது பணம் போகும் கணக்கு. 42 என்று எழுதியிருப்பதாலேயே அந்தக் குடும்பம் ஆட்டிப்படைக்கிறது என்றும் எழுதக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு நான் இரண்டு பக்கம் பதில் எழுதினேன். அலுவலக நேரத்துக்குப் பிறகுதான்.

வரலாற்றிலும் இதே மாதிரி ஒரு சிக்கல். நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டிய கத்ரி தோட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கத்ரி என்ற பெயர் 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் நம் அரசின் முதலீட்டு நிறுவனமான பிஎன்பி அதை வாங்கியது. 2007-இல் சைம் டார்பியோடும் கோல்டன் ஹோப்போடும் இணைந்தது. 2017-இல் சைம் டார்பி பிளான்டேஷன் தனியாகப் பட்டியலானது, 2024-இல் அதுவே எஸ்டி கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயருக்கு இருநூறு வயது, பட்டியலில் இருக்கும் நிறுவனத்துக்கு அந்த வயது இல்லை. எதன் வரலாறு வேண்டும், பெயருக்கா, நிறுவனத்துக்கா என்று கடிதத்தில் சொல்லுங்கள். புதிய பதிவு எண்ணின் முதல் நான்கு இலக்கம் நிறுவனம் பதிவான ஆண்டு. அதைப் பார்த்தாலே தெரியும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். நோமினி பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். முப்பது பேர் பட்டியலில் 'நோமினீஸ்' என்று முடியும் பெயர்கள் பிறருக்காகப் பங்கை வைத்திருப்பவை. ஒரு வங்கியின் பெயர் அதில் இருந்தால், வங்கிதான் உரிமையாளர் என்று எழுதிவிடாதீர்கள். கடிதத்தில் எந்த ஆண்டறிக்கை, எந்தப் பக்கம், எந்த எண் என்று குறிப்பிட்டு, மூன்று கேள்விக்கு மேல் போகாமல் கேளுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு முந்தைய வாரங்களில் மட்டும் அனுப்பாதீர்கள். அப்போது அந்தப் பிரிவில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. நன்றி, வணக்கம்.